கர்ப்பகாலப் போட்டோக்களுக்குக் கீழே என்ன எழுதுவது? மாறிவரும் வயிற்றை நோகாமல் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

என் தலைப்பிள்ளை பிறந்தபோது சொந்தத்தில் ஒருவர் ஆசை ஆசையாக ஒரு அல்பம் செய்து தந்தார். எட்டாம் மாதப் படத்துக்குக் கீழே "வயிறு முன்னால, ஆள் பின்னால" என்று எழுதியிருந்தார். அன்பில்லாமல் எழுதவில்லை, எல்லாரும் சிரிக்கட்டும் என்றுதான் எழுதினார், ஆனால் பதினோரு வருடமாக அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறேன். படத்தில் தப்பில்லை. அந்த நாலு வார்த்தைதான் இன்னும் குத்துகிறது.

அதனால் 2024இல் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அல்பம் நான் செய்வேன் என்று முந்திச் சொல்லிவிட்டேன். அவள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், நான் ஹட்டன் டவுனில் இருக்கிறேன், மாதம் ஒரு தடவை பார்ப்போம். கடைசியில் ஏழு படங்கள் தேறின. அந்த ஏழுக்கும் எப்படி எழுதினேன், எதை எழுதிவிட்டு அழித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உங்கள் அக்காவுக்கோ மதினிக்கோ மகளுக்கோ, ஏன் உங்களுக்கே கூட, இதே வழி சரிவரும்.

முதலில் அவளிடம் மூன்று கேள்வி

படங்களைத் தொடும் முன் இதைக் கேளுங்கள். எந்தப் படம் வேண்டாம்? அல்பத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? யார் பேசுகிற மாதிரி எழுதட்டும்?

வேண்டாம் என்று சொல்லும் படத்துக்குக் காரணம் கேட்காதீர்கள். ஒதுக்கிய படத்தை ஒரு உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், பிறகு மனம் மாறினால் அவளே சேர்ப்பாள். யார் பார்ப்பார்கள் என்பதும் முக்கியம். மாமியார், மச்சாண்டார் எல்லாம் புரட்டப் போகிற அல்பம் என்றால் வெறும் வயிறு தெரியும் படத்தை அவள் வேறு இடத்தில் வைக்க நினைக்கலாம். எங்கள் அம்மாயி "கண்ணு படும், பெத்து எறங்குற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க" என்று சொன்னார், தங்கச்சியும் அதையே விரும்பினாள். அதனால் படம் எடுத்தோம், குறிப்பு எழுதி வைத்தோம், அல்பத்தை மட்டும் பிள்ளை பிறந்த பிறகுதான் சேர்த்தோம். அதனால் ஒரு நன்மையும் கிடைத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் பேசுவது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. அம்மாவே "நான்" என்று பேசலாம், பார்த்தவர் "அவள்" என்று சொல்லலாம், அல்லது பிள்ளையைப் பார்த்து "உன் அம்மா" என்று சொல்லலாம். தங்கச்சி, "நீயே எழுதுக்கா, ஆனா நான் பேசுற மாதிரி எழுதாத, நீ பாத்த மாதிரி எழுது" என்றாள். எனவே பெரியம்மா பிள்ளையிடம் சொல்வதுபோல் எழுதினேன். பிள்ளையிடம் பேசும் முறையில் ஒரு ஆபத்து உண்டு. "உன்னால் அம்மாவுக்குக் கால் வீங்கியது" என்ற மாதிரி வாக்கியம் தானாக வந்து விழும். பத்து வயதில் அதை வாசிக்கிற பிள்ளை, தான் அம்மாவை வருத்தியதாக நினைத்துக்கொள்ளும். "உன்னால்" வருகிற இடத்தில் எல்லாம் "அந்த நாட்களில்" என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அது போதும்.

தேதியைச் சரி பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்

இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தேதி தப்பினால் வாரம் தப்பும், வாரம் தப்பினால் "இந்த வாரத்துக்கு வயிறு சின்னதாக இருக்கிறதே" என்று இல்லாத குறை ஒன்று உண்டாகிவிடும்.

கணக்கு சுலபம். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து படம் எடுத்த நாள் வரை எத்தனை நாள் என்று எண்ணி ஏழால் வகுக்க வேண்டும். தங்கச்சிக்கு அது 2024 ஜனவரி 5. அதிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், அக்டோபர் 11. கிளினிக் காட்டில் எழுதியிருந்த தேதியும் அதுதான். ஸ்கேன் பார்த்த பிறகு டொக்டர் தேதியை மாற்றியிருந்தால் மாற்றிய தேதியிலிருந்து 280 நாள் பின்னால் போய் எண்ணத் தொடங்குங்கள், பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படத்தின் தேதியை எங்கே பார்ப்பது? போனிலேயே எடுத்த படம் என்றால் படத்தின் விவரங்களில் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த விவரம் போய்விடுகிறது, கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் எடுத்த தேதி அல்ல. எங்களுக்கு நடந்தது இது. தங்கச்சி ஒரு கூட்டின் முன்னால் பக்கவாட்டில் நிற்கும் படம், பெயர் `IMG-20240609-WA0012.jpg`. ஜூன் 9 என்று எடுத்துக்கொண்டு 156 நாள், 22 வாரம் 2 நாள் என்று எழுதிவிட்டேன். பிறகு படத்தை உற்றுப் பார்த்தால் பின்னால் இருப்பது வெசாக் கூடு. 2024இல் வெசாக் போயா மே 23. மாமா அன்று எடுத்த படத்தை இரண்டு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார். சரியான கணக்கு 139 நாள், 19 வாரம் 6 நாள். ஜூன் 9 என்று நினைத்திருந்தபோது அம்மா அந்தப் படத்தைப் பார்த்து "என்னடி, வயிறே காணோம்" என்று கவலைப்பட்டார், மே 23 என்று தெரிந்ததும் அந்தப் பேச்சே எழவில்லை. திருவிழா, பள்ளி விடுமுறை, பின்னால் தொங்கும் கலண்டர், மழைக்கோட்டு, பூத்திருக்கும் மரம் என்று படத்துக்குள் இருக்கும் எல்லாமே தேதிக்குச் சாட்சி. ஒன்றுமே இல்லாத படத்துக்கு "ஜூலை மாதம்" என்று மட்டும் எழுதுங்கள், வாரத்தை ஊகித்துப் போடாதீர்கள்.

போட்டோ அளவுநாடா இல்லை

எழுத உட்காரும் முன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதைப் பயமில்லாமல் சொல்லலாம். பன்னிரண்டு வாரம் வாக்கில்தான் கருப்பை இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், அதுவரை வெளியே தெரிவது அநேகமாக வாயு உப்புசம்தான். இருபது வாரம் வாக்கில் அதன் மேல் விளிம்பு தொப்புள் மட்டத்துக்கு வரும். முப்பத்தாறு வாரத்தில் நெஞ்செலும்பின் கீழ் முனை கிட்ட போய்விடும். அதற்குப் பிறகு தலைப்பிள்ளை என்றால் பல பேருக்கு வயிறு கொஞ்சம் கீழே இறங்கும், இரண்டாவது மூன்றாவது என்றால் வலி வரும்வரை இறங்காமலும் இருக்கும். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு வயிற்றுத் தசை ஒரு தடவை விரிந்தது என்பதால் வயிறு முந்தியே தெரியும்.

இதற்கு மேல் ஒரு படத்திலிருந்து எதையும் அளக்க முடியாது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி நாடா வைத்து அளப்பது வேறு, அது ஒரே எலும்பிலிருந்து ஒரே முறையில் ஒவ்வொரு தடவையும் அளப்பது. போனைக் கிட்டப் பிடித்து எடுத்தால் போனுக்கு அருகில் இருக்கும் எதுவும் பெரிதாக விழும், வயிறுதான் முன்னால் இருக்கிறது, எனவே வயிறு பெரிதாகத் தெரியும். மேலேயிருந்து எடுத்த செல்ஃபியில் முகம் பெரிதாகி வயிறு சுருங்கும். சாப்பிட்ட பிறகு, மூத்திரப்பை நிரம்பியிருக்கும்போது, பிள்ளை குறுக்கே கிடக்கும்போது, ஒரே நாளில் வயிறு நாலு விதமாகத் தெரியும். எனவே "ஜூலையில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு" என்ற மாதிரி ஒப்பிடும் வாக்கியத்தை விட்டுவிடுங்கள், அதற்கு உங்கள் கையில் ஆதாரம் இல்லை. கூர்மையாக இருந்தால் ஆம்பிளைப் பிள்ளை, அகலமாக இருந்தால் பொம்பிளைப் பிள்ளை என்பதும் அப்படித்தான். வயிற்றின் வடிவத்துக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பில்லை, அதை அல்பத்தில் எழுதி வைத்தால் பிறந்த பிள்ளைக்குத்தான் சங்கடம்.

இன்னும் படம் எடுக்க நாள் இருக்கிறது என்றால் ஒரே நிலைக்கால் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி, போனை அவள் வயிற்று உயரத்தில் நேராகப் பிடித்து, பக்கவாட்டில் எடுங்கள். வரிசை ஒரே மாதிரி வரும். எங்கள் ஏழு படமும் அப்படி எடுத்தவை அல்ல, ஆளுக்கு ஒன்றாக எடுத்தவை. அதனால் எழுத்தில் கூடுதல் கவனம் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை பாருங்கள்

முதல் தடவை வயிற்றைப் பார்க்கவே கூடாது. இடம், உடுப்பு, வெளிச்சம், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கை எங்கே இருக்கிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில், முதுகு எப்படி என்று பாருங்கள். மூன்றாவது தடவைதான் வயிறு, முகம், கால். இந்த வரிசையை மாற்றினால் எடுத்த எடுப்பில் வயிற்றின் பருமனைப் பற்றித்தான் எழுதுவீர்கள், ஏனென்றால் கண் அங்கேதான் ஓடும்.

பிறகு படத்தை அவளிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி: "இது எடுத்த அன்னிக்கு உடம்புக்கு எப்படி இருந்துச்சு?" அவள் சொல்வதை அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சி வெசாக் படத்துக்கு "அந்த வாரந்தான் உள்ளுக்குள்ள மீன் துள்ளின மாதிரி இருந்துச்சு, வாயுன்னு நெனச்சேன்" என்றாள். அதைவிட நல்ல வாக்கியம் எனக்கு எழுத வராது.

நம் மொழியில் குறை எங்கே ஒளிந்திருக்கிறது

குண்டு, பூசணிக்காய், யானைக்குட்டி, ஊதல் போன்ற வார்த்தைகளை எழுதக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை எடுத்துப் போட்ட பிறகும் வாக்கியம் குத்துகிறது என்றால், குறை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கும்.

"போ" என்ற துணைவினையைப் பாருங்கள். கருத்துப்போய், வீங்கிப்போய், மெலிந்துபோய், களைத்துப்போய். பால் திரிந்துபோகும், சோறு கெட்டுப்போகும், துணி கிழிந்துபோகும். ஒரு பொருள் கெடும்போது வரும் அதே "போ" உடம்புக்கு வந்தால் அந்த உடம்பும் கெட்டதாகத்தான் காதில் விழும். "முகம் கருத்துப்போய் இருக்கிறது" என்பதை "கன்னத்தில் தேயிலைச் சாயம்போல் ஒரு நிழல் வந்திருக்கிறது" என்று எழுதினால் நடந்த விஷயம் ஒன்றுதான், ஆனால் அங்கே எதுவும் கெடவில்லை, ஒன்று புதிதாக வந்திருக்கிறது. "விடு" என்பதும் அப்படித்தான், இடுப்பு அகன்றுவிட்டது, ரவிக்கை பத்தாமல் போய்விட்டது என்னும்போது ஏதோ கை மீறிய மாதிரி இருக்கும். வந்திருக்கிறது, தெரிகிறது, நிற்கிறது, விரிந்துகொண்டிருக்கிறது என்று முடித்துப் பாருங்கள்.

அடுத்தது புகழ்ச்சிக்குள் இருக்கும் குறை. "இப்பவும் அழகாகத்தான் இருக்கிறாள்" என்று நான் ஒரு படத்துக்கு எழுதியிருந்தேன். நல்லதாகத்தான் பட்டது. தங்கச்சி வாசித்துவிட்டு, "அப்போ அழகா இருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டாள். அந்த "இப்பவும்", அந்த "தான்" இரண்டும் சேர்ந்து, அழகு குறைந்திருக்க வேண்டிய நேரம் இது, ஆனால் குறையவில்லை என்று சொல்கின்றன. "இன்னும் மெலிவாகவே இருக்கிறாள்", "கூட", "ஆனாலும்" எல்லாம் இதே சாதி. மெலிவாக இருப்பதைப் புகழ்ந்தால் அடுத்த பக்கத்தில் மெலிவாக இல்லாதபோது அது குறையாகிவிடுகிறது. எனவே புகழ்ச்சியைத் தூக்கிவிட்டு, பார்த்ததை எழுதுங்கள்.

மூன்றாவது உவமை. உவமை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தின்கிற பொருள், மிருகம், பாரச் சாமான் இந்த மூன்றிலிருந்தும் எடுக்காதீர்கள். அவள் வாழும் இடத்திலிருந்து, அவள் தினம் பார்க்கும் ஒன்றிலிருந்து எடுங்கள். மூடுபனிக்கு மேலே தெரியும் மலை முகடு என்று ஒரு படத்துக்கு எழுதினேன், அவளுக்குப் பிடித்தது, ஏனென்றால் அவள் காம்பராக் கதவைத் திறந்தால் தெரிவது அதுதான்.

ஏழு படமும், கீழே எழுதியதும்

வரிசை இப்படி வந்தது. முதலில் தேதி, வாரம். பிறகு பார்த்தது. பிறகு அவள் சொன்னது. நாலு ஐந்து வரிக்கு மேல் போகவில்லை.

முதல் படத்துக்கு என் முதல் எழுத்து: "வாந்தியில் வாடிப்போய் நிற்கிறாள்." அழித்துவிட்டு எழுதியது: "2024 மார்ச் 8, 9 வாரம். சிவராத்திரி, கோயில் வாசல், நீலச் சாரி. நீ இருப்பது வெளியே தெரியவில்லை. ஆனால் உன் அம்மாவின் இடது கை முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அன்று காலையிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்டீ மட்டும் உள்ளே நின்றது." வயிறு தெரியாத படத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு இதுதான் ஏழிலும் பிடித்த படம்.

இரண்டாவது, ஏப்ரல் 19, 15 வாரம். மலையில் கொழுந்து எடுக்கும்போது கூட வேலை செய்கிறவள் எடுத்தது. இங்கே வயிறு தெரிகிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது, படங்கு மறைக்கிறது. இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கண்டேன், படங்கைக் கட்டியிருக்கும் இடம் மாறியிருக்கிறது. "படங்கை எப்போதும் கட்டும் இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே கட்டியிருக்கிறாள் உன் அம்மா. கீழே கட்டினால் அழுத்துகிறது என்று சொன்னாள். மலையில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாது." உடம்பு மாறுவதை உடம்பைச் சொல்லாமல் சொல்ல உடுப்பு நல்ல வழி. முடிச்சு, ஊக்கு, பொத்தான், கொசுவம், வளையல், செருப்பு எல்லாம் மாறும்.

மூன்றாவது வெசாக் படம், 19 வாரம் 6 நாள். "கூட்டின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. தொப்புளுக்குக் கீழே இருந்து ஒரு வளைவு தொடங்கி வெளிச்சத்துக்குள் வருகிறது. மீன் துள்ளின மாதிரி இருந்தது என்றாள், வாயு என்று நினைத்தாளாம். அது நீ."

நான்காவது, ஜூலை 5, 26 வாரம், மழையும் பனியும். மச்சானின் ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறாள். "ஸ்வெட்டர்கூடப் பத்தவில்லை" என்று எழுதிவிட்டு அந்த "கூட"வைப் பார்த்து நிறுத்தினேன். "உன் அப்பாவின் சாம்பல் ஸ்வெட்டர். மேலே மூன்று பொத்தான் போட்டிருக்கிறது, கீழே இரண்டு உனக்காகத் திறந்திருக்கிறது. பின்னால் பனி, பனிக்கு மேலே ஒரு முகடு, முன்னால் இன்னொன்று."

ஐந்தாவதுதான் கஷ்டம். ஆகஸ்ட் 30, 34 வாரம், வளைகாப்பு. எல்லாரும் பார்க்கப் போகிற படம், முகத்தில் நிறத் திட்டு இருக்கிறது, கணுக்கால் உப்பியிருக்கிறது, அவள் களைத்திருக்கிறாள். திட்டு கர்ப்பகாலத்தில் வருவது, வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் மெல்ல மங்கும். மறைப்பதா சொல்வதா என்று அவளிடமே கேட்டேன். "இருக்கத்தானே இருந்துச்சு, எழுது" என்றாள். எழுதியது: "இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பாரம் முன்னால் என்பதால் முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் தேயிலைச் சாயம்போல் ஒரு நிழல். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சிமெந்துத் தரையில் வைத்திருக்கிறாள், குளிர்ச்சி இதமாக இருந்தது என்றாள்." கால் வீங்கியது என்ற வார்த்தை இதில் இல்லை, ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கடைசி மாதங்களில் மாலையில் கால் உப்புவது பல பேருக்கு வருவது, ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது என்றால் அது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். படம் பார்க்கும்போது அப்படித் தெரிந்தால் எழுதுவதை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆறாவது, செப்டம்பர் 27, 38 வாரம். "இஸ்தோப்பில் நிற்கிறாள். நீ கீழே இறங்கிவிட்டாய், அதனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை வைக்க இடம் வந்திருக்கிறது. இப்போது மூச்சு நன்றாக வாங்க முடிகிறது என்றாள். வாசல்படியில் இறங்கி மெதுவாக நடக்கிறாள்." இதில் "இறங்கிவிட்டாய்" என்று "விடு" வந்திருக்கிறது பாருங்கள், ஆனால் இங்கே அது ஊர் சேர்ந்த மாதிரி இருக்கிறது, குறை இல்லை. எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள், சத்தமாக வாசித்தால் காது சொல்லிவிடும்.

பிள்ளை அக்டோபர் 9 பிறந்தது. ஏழாவது படம் அக்டோபர் 31, தீபாவளி. பிள்ளைக்கு 22 நாள், தங்கச்சியின் வயிறு இன்னும் உருண்டையாக இருக்கிறது. பெரும்பாலான அல்பங்கள் பிள்ளையின் முகத்துக்குத் தாவி, அம்மாவின் உடம்பை அங்கேயே விட்டுவிடுகின்றன. பிள்ளை வந்ததும் வயிறு மறைவதில்லை. கருப்பை இடுப்பெலும்புக்குள் போக இரண்டு வாரம் வாக்கில் ஆகும், பழைய அளவுக்கு வர ஆறு வாரம் வாக்கில் ஆகும், விரிந்த தோலும் தசையும் அதற்கும் மேல் நேரம் எடுக்கும். "பழைய உருவத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள்" என்று எழுத வேண்டாம், அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றைக் காட்டுகிறது. நான் எழுதியது: "புதுச் சாரி. நீ இருந்த இடம் இன்னும் வட்டமாக இருக்கிறது, அதன்மேல் உன்னைச் சாய்த்து வைத்திருக்கிறாள். இத்தனை நாள் உள்ளே இருந்து கேட்ட சத்தத்தை இப்போது வெளியே இருந்து கேட்கிறாய்."

விட்டுவிட வேண்டியவையும் எழுதுவதற்குக் கடினமானவையும்

எடையை அல்பத்தில் போடாதீர்கள், அது கிளினிக் காட்டில் இருக்கட்டும். இரண்டு படத்தை ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், நீங்கள் ஒரு வார்த்தை எழுதாவிட்டாலும் பார்க்கிறவர் கண் அளக்கத் தொடங்கும். பக்கத்துக்கு ஒரு படம். கோடு விழுந்த வயிறு, ஒப்பரேஷன் தழும்பு உள்ள படங்களை அவளாகச் சேர்க்கச் சொன்னால், அது எந்த இடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நேராக எழுதுங்கள். புலிக்கோடு, வீரத் தழும்பு என்றெல்லாம் அலங்காரம் பண்ணினால் அவளுக்கு அப்படித் தோன்றாத நாளில் அது பொய்யாக ஒலிக்கும்.

அல்பத்தைப் பிறகு சேர்த்ததில் நன்மை உண்டு என்றேனே, அது இதுதான். எல்லாக் கர்ப்பமும் பிள்ளையோடு முடிவதில்லை. எங்கள் லயத்திலேயே ஒருத்திக்கு ஐந்தாம் மாதத்தில் போனது, அவளிடம் மூன்று படங்கள் இருந்தன. ஒன்றரை வருடம் கழித்து அவளாகவே கேட்டபோதுதான் எழுதினேன். தேதியும் வாரமும் மற்ற அல்பங்களைப் போலவே போட்டேன், படத்தில் தெரிந்ததை மட்டும் எழுதினேன், பின்னால் நடந்ததை எந்தப் படத்துக்குள்ளும் கொண்டு வரவில்லை. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள், படத்திலும் அதுதான் இருக்கிறது.

பேனாவை எடுக்கும் முன்

முதலில் வேறு தாளில் பென்சிலால் எழுதி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். எங்காவது கை சாரியை இழுத்து வயிற்றை மூடினால், பார்வை கீழே போனால், அந்த வரியில் ஏதோ இருக்கிறது. அவள் "பரவாயில்லக்கா" என்று சொன்னாலும் மாற்றுங்கள்.

அல்பத்தில் கோந்துக்கோடு போட்ட, பிளாஸ்டிக் தாளால் மூடும் வகையை வாங்காதீர்கள், அந்தக் கோந்து வருடம் போகப் போக மஞ்சளாகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த காகிதப் பக்கமும் மூலை செருகிகளும் போதும். போட்டோவின் பின்பக்கம் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் தேதி மட்டும் போடுங்கள், போல்பொயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். நம் பக்கத்து ஈரத்துக்கு வெளிச்சுவரை ஒட்டிய ராக்கை ஆகாது, பூஞ்சை பிடிக்கும். தகரப் பெட்டிக்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு உள் அறையில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள், அது அவள் இடம்.

தங்கச்சிக்கு வாசித்துக் காட்டியபோது ஏழில் ஒரு வார்த்தையைத்தான் மாற்றச் சொன்னாள். ஆறாவது படத்தில், "மெதுவாக நடக்கிறாள்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "மெதுவா இல்லக்கா. பாத்து நடந்தேன்." பென்சில் எழுத்தை அழித்து "பார்த்து நடக்கிறாள்" என்று எழுதிக் காட்டினேன், தலையாட்டினாள், அதற்குப் பிறகு பேனாவை எடுத்தேன்.